அப்பா குடிக்கிற பீட்ரூட் ஜூஸ்: பிபி எவ்வளவு இறங்கும், கிட்னி கல்லு இருந்தா என்ன பண்றது

கேள்வி: அக்கா, நாங்க பட்டர்வொர்த்ல இருக்கோம். அப்பாக்கு 58 வயசு, பிபி 150/92 கிட்ட இருந்துச்சு. கிளினிக்ல பெரிண்டோப்ரில் 4, அம்லோடிபின் 5 குடுத்துருக்காங்க. வாட்ஸ்அப்ல யாரோ அனுப்புனத பாத்துட்டு ரெண்டு வாரமா காலைல வெறும் வயித்துல பெரிய கிளாஸ்ல பீட்ரூட் ஜூஸ், கூட ஒரு கைப்பிடி பச்சை பாயம் கீரையும் போட்டு அடிச்சு குடிக்கிறாரு. இப்ப 138 காட்டுது, மருந்த நிறுத்திடலாம்னு சொல்றாரு. 4 வருஷத்துக்கு முன்னாடி அவருக்கு கிட்னில கல்லு வந்து எடுத்தாங்க. குடிக்கலாமா வேணாமா?

பதில்:

தங்கச்சி, முதல்ல ரெண்டு விஷயம். மருந்த நிறுத்த வேணாம், இன்னிக்கு ராத்திரி போட வேண்டிய மாத்திரையும் போட சொல்லுங்க. ஜூஸ நிறுத்த சொல்லுங்க, அதுலயும் அந்த பச்சை கீரை போட்டு அடிக்கிறத நாளைக்கு காலைலருந்தே. பீட்ரூட் பொய்னு நான் சொல்ல வரல, அதுல உண்மை இருக்கு, ஆனா அந்த உண்மை எவ்வளவு பெருசு, யாருக்கு பொருந்தும்னு பாத்தா உங்க அப்பா மாதிரி ஏற்கனவே மாத்திரை போடுறவர், கல்லு வந்தவர், இவருக்கு லாபம் ரொம்ப கொஞ்சம், ஆபத்து அதைவிட ஜாஸ்தி. நான் பினாங்குல ரொம்ப வருஷமா பார்மசில இருக்கேன், இதே கேள்விய கவுண்டர்ல நிறைய பேர் கேக்குறாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன், அப்பாகிட்ட படிச்சு காட்டுங்க.

பீட்ரூட்ல பிபிய இறக்குறது அந்த சிவப்பு கலர் கிடையாது. நைட்ரேட்னு ஒரு பொருள், மண்ணுல இருந்து வேர் இழுத்து சேத்து வைக்கிறது. நம்ம குடிச்சதும் அது குடல்ல இருந்து ரத்தத்துக்கு போகுது, அங்கருந்து கிட்டத்தட்ட கால்வாசிய நம்ம எச்சில் சுரப்பிங்க இழுத்து எச்சில்ல விடுது. நாக்கோட பின்பக்கத்துல இருக்கிற பாக்டீரியாங்க அத நைட்ரைட்டா மாத்துது. அத நம்ம தெரியாமலே விழுங்குறோம், அப்புறம் வயித்துலயும் ரத்தத்துலயும் அது நைட்ரிக் ஆக்சைடா மாறி, ரத்தக்குழாய் சுவத்துல உள்ள தசைய தளர வைக்குது, குழாய் விரியுது, பிரஷர் இறங்குது. இந்த நைட்ரிக் ஆக்சைடு ரத்தக்குழாய்ல என்ன பண்ணுதுன்னு கண்டுபிடிச்சதுக்குதான் 1998-ல மூணு பேருக்கு மருத்துவ நோபல் பரிசு குடுத்தாங்க.

இதுல எச்சில்தான் நடுவுல இருக்கிற முக்கியமான படி, பாதி பேருக்கு இது தெரியாது. 2008-ல லண்டன்ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, நல்ல ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்கு அரை லிட்டர் பீட்ரூட் ஜூஸ் குடுத்து பிபி பாத்தாங்க, ரெண்டரை மூணு மணி நேரத்துல மேல உள்ள நம்பர் சுமார் 10 பாயிண்ட் இறங்குச்சு. அப்புறம் ஜூஸ் குடிச்சிட்டு எச்சில விழுங்காம துப்பிட்டே இருங்கன்னு சொன்னாங்க, அப்ப ரத்தத்துல நைட்ரைட் ஏறல, பிபி இறக்கமும் வரல. அதே ஜூஸ்தான், அதே வயிறுதான், எச்சில் உள்ள போகலன்னா வேலையே நடக்கல. அதனாலதான் கிருமிய கொல்ற ஸ்ட்ராங் மவுத்வாஷ், அந்த குளோர்ஹெக்சிடின் போட்டது இருக்கே, பல் டாக்டர் குடுப்பாங்க, அத தினமும் கொப்புளிச்சிட்டு பீட்ரூட் குடிச்சா பெரும்பாலும் காசுதான் வேஸ்ட். 2013-ல வந்த இன்னொரு ஆராய்ச்சில ஆரோக்கியமானவங்க ஒரு வாரம் அந்த மவுத்வாஷ் போட்டதுலயே பிபி 2-3 பாயிண்ட் ஏறுச்சுன்னு பாத்தாங்க, ஜூஸே இல்லாம.

சரி, பிபி இருக்கிறவங்களுக்கு என்ன ஆகுது? 2015-ல அதே லண்டன் குழு 68 பேர வச்சு 4 வாரம் பண்ணாங்க, தினம் 250 மில்லி ஜூஸ், அதுல சுமார் 400 மில்லிகிராம் நைட்ரேட். பாதி பேருக்கு அதே கலர் அதே ருசி ஆனா நைட்ரேட்ட மட்டும் எடுத்துட்ட ஜூஸ், யாருக்கு எதுன்னு தெரியாது. நைட்ரேட் உள்ளத குடிச்சவங்களுக்கு மேல உள்ள நம்பர் சுமார் 8 பாயிண்ட் இறங்குச்சு. இதுதான் நீங்க வாட்ஸ்அப்ல பாக்குற எல்லா மெசேஜுக்கும் மூலம்னு வச்சுக்குங்க. ஆனா அந்த மெசேஜ்ல வராத ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, குடிக்கிறத நிறுத்துன ரெண்டு வாரத்துல பழைய இடத்துக்கே திரும்பிடுச்சு. அதாவது குணமாகல, குடிக்கிற வரைக்கும்தான். ரெண்டாவது, பல ஆராய்ச்சிங்கள சேத்து 2013-ல கணக்கு போட்டப்ப சராசரி இறக்கம் 4 பாயிண்ட் சொச்சம்தான், கீழ உள்ள நம்பர் 1 பாயிண்ட்.

இதவிட உங்க அப்பாவுக்கு நேரா பொருந்துற ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு, 2015-ல ஆஸ்திரேலியாவுல பண்ணது. ஏற்கனவே பிபி மாத்திரை போட்டுட்டு இருக்கிற 27 பேருக்கு ஒரு வாரம் நைட்ரேட் உள்ள பீட்ரூட் ஜூஸ் குடுத்தாங்க, ரத்தத்துலயும் எச்சில்லயும் நைட்ரேட் நல்லாவே ஏறுச்சு, ஆனா வீட்ல பாத்த பிபி, 24 மணி நேரம் மெஷின் மாட்டி பாத்த பிபி, ரெண்டுலயும் வித்தியாசமே வரல. 27 பேர்ங்கிறது சின்ன கூட்டம்தான், ஒரு வாரமும் கம்மிதான், அத வச்சு எல்லாத்தையும் முடிவு பண்ண முடியாது, லண்டன்ல பண்ணதுல மாத்திரை போடுறவங்களும் இருந்தாங்க, அவங்களுக்கும் இறங்குச்சு. நான் இத எப்படி எடுத்துக்கிறேன்னா, மாத்திரை போடுறவங்களுக்கு நல்லதே நடந்தா 4-லருந்து 8 பாயிண்ட், நடக்காமலும் போகலாம். சாதாரணமா ஒரு பிபி மாத்திரை முழு டோஸ்ல சராசரி 9 பாயிண்ட் இறக்கும். ஆக ஒரு கிளாஸ் ஜூஸ் ஒரு மாத்திரைக்கு பாதி, ரொம்ப நல்லா வேலை செஞ்சா ஒரு மாத்திரைக்கு கிட்ட. அப்பா நிறுத்த நினைக்கிறது ரெண்டு மாத்திரைய.

அப்ப 150 எப்படி 138 ஆச்சுன்னு கேப்பீங்க, 12 பாயிண்ட் இறங்கிருக்கே. இதுக்கு அப்பாகிட்டதான் ரெண்டு கேள்வி கேக்கணும்.

முதல் கேள்வி, எப்ப பிபி பாக்குறாரு? காலைல 7 மணிக்கு ஜூஸ குடிச்சிட்டு, பசியாறிட்டு, 9:30-க்கு உக்காந்து பாக்குறாருன்னா, அவர் பாக்குறது ஜூஸ் உச்சத்துல இருக்கிற நேரம். குடிச்ச 2-3 மணி நேரத்துலதான் இறக்கம் அதிகம், அப்புறம் மெல்ல மெல்ல கரையும். ஸ்ட்ரோக்கும் ஹார்ட் அட்டாக்கும் 9:30 மணி பாத்து வர்றதில்ல, நாள் முழுக்க, ராத்திரி தூக்கத்துல, விடியக்காலைல பிபி எப்படி இருக்குங்கிறதுதான் கணக்கு. நாளைக்கு காலைல எழுந்ததும் எதுவும் குடிக்கிறதுக்கு முன்னாடி, மாத்திரை போடுறதுக்கும் முன்னாடி ஒரு தடவ பாக்க சொல்லுங்க, அந்த நம்பர்தான் நமக்கு வேணும்.

ரெண்டாவது கேள்வி, இந்த மாத்திரைங்க எப்ப ஆரம்பிச்சது, எப்பலருந்து ஒழுங்கா போடுறாரு? ஏன்னா அம்லோடிபின் முழுசா வேலை காட்ட ஒரு ரெண்டு வாரம் ஆகும், பெரிண்டோப்ரில் ஒரு மாசம் கூட எடுக்கும். போன மாசம்தான் மாத்திரை ஆரம்பிச்சிருந்தா, இல்ல டோஸ் ஏத்திருந்தா, இந்த ரெண்டு வாரத்துல இறங்குனது பாதிக்கு மேல மாத்திரையோட வேலையா இருக்கும், பேரு மட்டும் ஜூஸுக்கு போயிடுச்சு. இத நான் அடிக்கடி பாக்குறேன். ஜூஸ் ஆரம்பிக்கிறவங்க உடம்ப பத்தி அக்கறை வந்துதான் ஆரம்பிக்கிறாங்க, அதே வாரத்துலருந்து மாத்திரையும் மறக்காம போடுறாங்க, கருவாடும் கிச்சாப்பும் குறைச்சிக்கிறாங்க, எல்லாம் சேந்து இறக்குது. அப்புறம் மாத்திரைய நிறுத்துவாங்க, மருந்து உடம்புல இருந்து போக சில நாள் ஆகும், அந்த சில நாள் பிபி நல்லாவே இருக்கும், பாத்தியா மாத்திரை தேவையே இல்லன்னு சொல்வாங்க. ரெண்டு மூணு வாரம் கழிச்சு 160-க்கு மேல நிக்கும், அப்ப மெஷின எடுத்து உள்ள வச்சிருப்பாங்க, யாரும் பாக்க மாட்டாங்க.

இப்ப கல்லு விஷயம், எனக்கு உங்க கேள்விய படிச்சதும் பயம் வந்தது இதுல இருந்துதான்.

பீட்ரூட்ல நைட்ரேட் மாதிரியே இன்னொண்ணும் நிறைய இருக்கு, ஆக்சலேட். கிட்னில வர்ற கல்லுங்கள்ள பெரும்பாலானது கால்சியம் ஆக்சலேட் கல்லுதான். உங்க அப்பாவோட கல்ல எடுத்தப்ப லேப்ல என்ன கல்லுன்னு டெஸ்ட் பண்ணிருக்கலாம், பழைய பேப்பர்ல இருந்தா பாருங்க. யூரிக் ஆசிட் கல்லுன்னு இருந்தா கதை கொஞ்சம் வேற, தெரியலன்னா ஆக்சலேட்னு நினைச்சு நடந்துக்கிறதுதான் பாதுகாப்பு.

கணக்கு போட்டு காட்டுறேன். பீட்ரூட் ஜூஸ்ல 100 மில்லிக்கு சுமார் 60-லருந்து 70 மில்லிகிராம் ஆக்சலேட் இருக்கும். அப்பாவோட பெரிய கிளாஸ் 300 மில்லின்னு வைங்க, அதுலயே கிட்டத்தட்ட 200 மில்லிகிராம். பச்சை பாயம் கீரைல 100 கிராமுக்கு பல நூறு மில்லிகிராம் இருக்கும், ஒரு கைப்பிடி 40 கிராம்னு கம்மியா வச்சாலும் இன்னொரு 200 சுலபமா சேந்துடும். ஆக ஒரே கிளாஸ்ல 400. நம்ம சாதாரண சாப்பாட்டுல ஒரு நாள் முழுக்க வர்றதே 100-லருந்து 200-க்குள்ளதான், கல்லு வந்தவங்கள 100-க்குள்ள வச்சுக்க சொல்வாங்க. அந்த 400-ல எல்லாம் ரத்தத்துக்கு போகாது, ஒரு பத்துல ஒரு பங்கு போகும்னு வைங்க, 40 மில்லிகிராம். ஒரு நாளைக்கு மூத்திரத்துல மொத்தமா ஆக்சலேட் 40-45 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும். மத்த சாப்பாட்டுல இருந்தும் உடம்புக்குள்ளேயே தானா உருவாகுறதுல இருந்தும் ஏற்கனவே ஒரு 25, 30 இருக்கும். கூட்டி பாருங்க, அளவ தாண்டி ரொம்ப தூரம் போயிடுது, அதுவும் தினமும்.

வெறும் வயித்துல குடிக்கிறது இத இன்னும் மோசமாக்குது. சாப்பாட்டுல பால், தயிர் மாதிரி கால்சியம் இருந்தா, ஆக்சலேட் குடல்லயே கால்சியத்தோட ஒட்டிக்கிட்டு மலத்தோட வெளிய போயிடும், ரத்தத்துக்கு ஏறாது. வெறும் வயித்துல கால்சியம் எதுவும் இல்ல, அதனால உள்ள போறது ஜாஸ்தி. கல்லுல கால்சியம் இருக்கேன்னு பால் தயிர நிறுத்துறவங்க நிறைய பேர், அது நேர் எதிரான வேலை, சாப்பாட்டோட கால்சியம் குறைஞ்சா ஆக்சலேட் ஏறும், கல்லு கூடும். பிபிக்கு நல்லதுன்னு வெறும் வயித்துல குடி, கல்லு இருக்கு பால் குடிக்காதன்னு ரெண்டு அட்வைஸையும் ஒரே ஆள் கடைபிடிச்சா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சு பாருங்க.

கல்லு மட்டும்னா வலி வரும், ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம், தெரிஞ்சிடும். எனக்கு அதவிட கவலை, வலியே இல்லாம கிட்னி திசுக்குள்ள ஆக்சலேட் படிஞ்சு கிட்னி வேலைய நிறுத்துறது. இது அபூர்வம், ஆனா நடந்திருக்கு, மருத்துவ இதழ்ங்கள்ள பதிவாகிருக்கு. 2018-ல வந்த ஒரு பதிவுல 65 வயசு அம்மா ஒருத்தங்க, கிட்னி நல்லா இருந்தவங்க, உடம்ப சுத்தம் பண்றேன்னு கீரை போட்ட பச்சை ஸ்மூத்தி குடிச்சிருக்காங்க, கடைசில டயாலிசிஸ் வரைக்கும் போயிடுச்சு. அவங்களுக்கு முன்னாடி இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் ஆகிருந்தது, கிட்டத்துல ஆன்டிபயாடிக்கும் எடுத்திருந்தாங்க. அந்த ரெண்டும் ஏன் முக்கியம்னா, அந்த ஆபரேஷனுக்கு அப்புறம் கொழுப்பு சரியா செரிக்காம கால்சியத்த பிடிச்சுக்கும், ஆக்சலேட் தனியா நின்னு ரத்தத்துக்கு போகும். ஆன்டிபயாடிக் குடல்ல ஆக்சலேட்ட தின்னுற நல்ல பாக்டீரியாவ கொன்னுடும். கேரளாவுல கொலஸ்ட்ரால் இறங்கும்னு பிலிம்பி காய், நம்ம ஊர்ல பெலிம்பிங் பூலோன்னு சொல்றோமே, அத ஜூஸா அடிச்சு குடிச்சவங்களுக்கும் இதே மாதிரி கிட்னி நின்னு போச்சு. அதோட சொந்தக்கார பழம் பெலிம்பிங், அந்த நட்சத்திர பழத்தையும் அதோட ஜூஸையும் கிட்னி வீக்கா இருக்கிறவங்க தொடவே கூடாது, அதுல ஆக்சலேட்டோட மூளைய பாதிக்கிற விஷமும் இருக்கு, விக்கல்ல ஆரம்பிச்சு வலிப்பு வரைக்கும் போகும். இத நான் எங்க பேசுனாலும் சொல்லிடுவேன், பீட்ரூட் கேள்வியா இருந்தாலும் பரவால்லன்னு.

அந்த ஸ்மூத்தி, பிலிம்பி கேஸ்ல ஒரு ஒத்துமை இருக்கு பாருங்க. யாரும் அந்த காயையோ கீரையையோ சமைச்சு சாப்பிட்டு கெட்டுப் போகல. ஜூஸா அடிச்சதுலதான். நாலு பீட்ரூட்ட பொரியல் பண்ணா ஒரு ஆள் ஒரே வேளைல சாப்பிட மாட்டாரு, ஜூஸா அடிச்சா ரெண்டு நிமிஷத்துல உள்ள போயிடும்.

அப்பாவ ஒரு விஷயம் மட்டும் இப்பவே கேளுங்க, மூத்திரம் சிவப்பா போகுதான்னு. பீட்ரூட் சாப்பிட்டா பத்து பேர்ல ஒருத்தருக்கு அப்படி போகும், கலர் சாயம்தான், ஆபத்து இல்ல. ஆனா கல்லு இருக்கிறவருக்கு மூத்திரத்துல ரத்தம் போனாலும் அதே கலர்தான், அவர் பீட்ரூட்தானேன்னு விட்டுடுவாரு. இத பிரிச்சு பாக்க வீட்லயே ஒரே வழி, பீட்ரூட்ட நிறுத்தி ரெண்டு மூணு நாள் பாருங்க. அதுக்கப்புறமும் சிவப்பா, கோப்பி கலர்ல போனா, இல்ல இடுப்புக்கு பின்னால இருந்து கீழ இறங்குற வலி வந்தா, அது பீட்ரூட் இல்ல, கிளினிக்ல மூத்திர டெஸ்ட் எடுக்கணும். காய்ச்சலும் சேந்து வந்தா அன்னிக்கே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்க, காத்திருக்காதீங்க. அந்த கிட்னிக்குள்ள ஆக்சலேட் படியுற கேஸுங்கள்ள இவ்வளவு அறிகுறி கூட இருக்காது, அசதி, வாந்தி வர்ற மாதிரி, மூத்திரம் குறையிறது, அவ்வளவுதான், ரத்தத்துல கிரியேட்டினின் பாத்தாதான் தெரியும். ரெண்டு வாரம்தான் குடிச்சிருக்காரு, பதற வேணாம், ஆனா இந்த மாசம் ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துடுங்க, கிரியேட்டினினும் பொட்டாசியமும்.

பொட்டாசியம் ஏன்னா, பெரிண்டோப்ரில் பொட்டாசியத்த உடம்புல பிடிச்சு வைக்கிற மருந்து, பீட்ரூட்லயும் கீரைலயும் பொட்டாசியம் நிறைய. கிட்னி நல்லா இருந்தா தாங்கிக்கும், கிட்னி குறைஞ்சிருந்தா ஏறி ஹார்ட் துடிப்பையே குழப்பிடும். அவர் நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடில வைக்கிற மாத்திரையோ, சில்டெனாஃபில் மாதிரி மாத்திரையோ எடுத்தாருன்னா அதையும் டாக்டர்கிட்ட மறைக்க வேணாம்னு சொல்லுங்க, எல்லாம் ஒரே வழியில குழாய விரிக்கிறது, சேந்தா பிபி ரொம்ப கீழ விழும். நீங்க மகள்ங்கிறதால உங்ககிட்ட சொல்ல மாட்டாரு, அம்மாவ விட்டோ அண்ணன விட்டோ கேக்க சொல்லுங்க.

இனி என்ன பண்றதுன்னு சொல்றேன். இந்த வாரம் ஜூஸ் இல்லாம, மாத்திரைய மட்டும் ஒழுங்கா போட்டு, 7 நாள் பிபி எழுதுங்க. காலைல எழுந்து பாத்ரூம் போயிட்டு வந்து, மாத்திரைக்கும் பசியாறலுக்கும் முன்னாடி, முதுகு சாஞ்சு, கால் தரையில பட்டு, 5 நிமிஷம் பேசாம உக்காந்து, கை நெஞ்சு உயரத்துல மேசை மேல வச்சு, ஒரு நிமிஷம் விட்டு ரெண்டு தடவ. சாயங்காலமும் அதே மாதிரி. முதல் நாள் நம்பர தள்ளிடுங்க, அது பெரும்பாலும் கூட காட்டும். மீதி 6 நாளோட 24 நம்பரையும், மேல உள்ளத தனியா கீழ உள்ளத தனியா, கூட்டி 24-ஆல வகுத்துக்குங்க. வீட்டு பிபி சராசரி 135/85-க்கு கீழ இருந்தா மாத்திரை நல்லா வேலை செய்யுது, அதுதான் மாத்திரைய தொடர காரணம், நிறுத்த இல்ல. உதாரணத்துக்கு 144/88-ன்னு வந்தா, அந்த பேப்பர எடுத்துட்டு கிளினிக் போங்க, பெரிண்டோப்ரில் 4-ல இருக்கு, 8 வரைக்கும் ஏத்த இடம் இருக்கு, டாக்டர் முடிவு பண்ணுவாரு. அந்த 9 பாயிண்ட எடுக்க கல்லு வந்த மனுஷன் தினமும் 400 மில்லிகிராம் ஆக்சலேட் குடிக்க வேண்டிய அவசியமே இல்ல.

அப்பாவுக்கு காய்கறில இருந்தே இறக்கணும்னு ஆசைன்னா, அந்த ஆசைய வெட்ட வேணாம், வழிய மாத்தி விடுங்க. நைட்ரேட் பீட்ரூட்ல மட்டும் இல்ல. சாவி, பாக் சோய், சலாட் இலை இதுலலாம் பீட்ரூட்டுக்கு சமமா, சில நேரம் கூடவே நைட்ரேட் இருக்கு, ஆனா ஆக்சலேட் ரொம்ப சொற்பம். ஆயர் ஈத்தாம் பசார்லயோ உங்க பக்கத்து பசார் மாலம்லயோ தினமும் கிடைக்கிற சாமான்தான். ஒரு வேளைக்கு 150 கிராம் சாவி, ரெண்டு பெரிய கைப்பிடி, பூண்டு போட்டு அதிகமா வேக விடாம சட்டுனு பிரட்டி எடுத்துடுங்க, ஓய்ஸ்டர் சாஸ் ஊத்தாதீங்க, உப்பு ஏறிடும். தண்ணில வேக வச்சு தண்ணிய கொட்டினா நைட்ரேட்டும் சேந்து போயிடும். கீரைக்கு மட்டும் இது தலைகீழ், கீரைய வேக வச்சு தண்ணிய வடிச்சா ஆக்சலேட் கணிசமா குறையும், அதனால அப்பா பாயம் கீரை சாப்பிடணும்னா அப்படி, கொஞ்சமா, எப்பவாவது, தயிர் சோத்தோட.

1997-ல அமெரிக்காவுல டாஷ்னு ஒரு சாப்பாட்டு முறைய சோதிச்சாங்க, காய்கறி பழம் நிறைய, கொழுப்பு குறைஞ்ச பால் தயிர், எண்ணெய் கொழுப்பு கம்மி. பிபி உள்ளவங்களுக்கு மேல உள்ள நம்பர் சராசரி 11 பாயிண்ட் இறங்குச்சு, எந்த ஜூஸையும் விட கூட. அந்த மாதிரி சாப்பிடுறவங்களுக்கு கிட்னி கல்லும் கம்மியா வருதுன்னு பின்னாடி பாத்தாங்க, அந்த பால் தயிர்ல உள்ள கால்சியம் சாப்பாட்டோட சேந்து போறதும் ஒரு காரணம். உங்க அப்பாவோட ரெண்டு பிரச்சனைக்கும் ஒரே தட்டு இதுதான். கூட உப்ப குறைச்சா பிபி உள்ளவங்களுக்கு இன்னொரு 5 பாயிண்ட் கிட்ட இறங்கும், உப்பு குறைஞ்சா மூத்திரத்துல கால்சியம் போறதும் குறையும், கல்லுக்கும் நல்லது. கருவாடு, மெகி, கிச்சாப், இந்த மூணுல பிடிங்க முதல்ல. தண்ணி, நம்ம ஊர் வெயிலுக்கு, மூத்திரம் ஒரு நாளைக்கு ரெண்டு ரெண்டரை லிட்டர் போற அளவுக்கு குடிக்கணும், வெளி வேலைன்னா 3 லிட்டருக்கு மேல. கலர் வெளுத்த மஞ்சளா இருந்தா சரி. வைட்டமின் சி 1000 மில்லிகிராம் மாத்திரை தினமும் போடுறாருன்னா அதையும் நிறுத்துங்க, அதுல ஒரு பகுதி உடம்புல ஆக்சலேட்டாதான் மாறுது, கல்லு வந்த ஆம்பளைங்களுக்கு வேணாத வேலை.

வீட்ல வேற யாராவது, கல்லு இல்ல, கிட்னி நல்லா இருக்கு, இரைப்பை குடல் ஆபரேஷன் ஆகல, சீனி வியாதி இல்லன்னா, 250 மில்லி ஜூஸ், வெறும் வயித்துல இல்லாம பசியாறலோட குடிக்கிறதுல தப்பில்ல, ஒரு மாசம் குடிச்சு அந்த 7 நாள் முறையில முன்னாடியும் பின்னாடியும் அளந்து பாக்கட்டும், இறங்கலன்னா நிறுத்திடலாம். சீனி வியாதி இருந்தா ஒரு கிளாஸ்ல 20 கிராம் கிட்ட சீனி இருக்குங்கிறத கணக்குல வச்சுக்கணும். அடிச்ச ஜூஸ மேசை மேல வச்சுட்டு சாயங்காலம் குடிக்கக்கூடாது, நம்ம சூட்டுல பாக்டீரியா வளந்து நைட்ரேட்ட கிளாஸ்லயே நைட்ரைட்டா மாத்திடும், அளவு ஏறிடும், அடிச்சதும் குடிங்க இல்ல உடனே பிரிட்ஜ்ல வைங்க. கைக்குழந்தைக்கு ஒரு ஸ்பூன் கூட குடுக்காதீங்க, அதுங்க ரத்தம் ஆக்சிஜன தூக்குற திறன அது கெடுத்துடும்.

அப்பாவுக்கு பீட்ரூட் ருசி பிடிக்கும்னா முழுசா தடுக்க வேணாம். வேக வச்சு தண்ணிய வடிச்சிட்டு, நறுக்கி தயிர்ல போட்டு பச்சடியா, வாரத்துல ஒரு நாள், மத்தியான சோத்தோட ஒரு சின்ன கிண்ணம், அதுக்கு மேல வேணாம். கிளினிக் போறப்ப ஜூஸ் குடிச்சத டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, கிரியேட்டினின், பொட்டாசியம் ரெண்டையும் கேட்டு வாங்குங்க. கல்லு மறுபடி வந்துருந்தா இல்ல ரெண்டு தடவைக்கு மேல வந்துருந்தா 24 மணி நேர மூத்திர ஆக்சலேட் டெஸ்ட் எடுக்கலாமான்னும் கேளுங்க. ரிசல்ட் வந்ததும் இங்க போடுங்க, பாத்து சொல்றேன்.